மாலை ஐந்து மணி விமானத்துக்கும் ராத்திரி உண்டு: விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விமானப் பயணிகளுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் விதித் தொகுப்பில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். விமானம் தாமதமானால் பயணிக்கு எப்போது தங்க அறை தரவேண்டும் என்று சொல்கிற வரி. புறப்பாடு 24 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் அறை தரவேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்பவேண்டிய விமானமாக இருந்தால், 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே தரவேண்டும். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ராவும் பகலும் விமானம் ஏறி இறங்குகிற சென்னைக்கும் டெல்லிக்கும் அது பொருந்தவும் பொருந்தும்.

எங்கள் சேலம் விமான நிலையம் அப்படிப்பட்டது இல்லை. ஓமலூருக்குப் பக்கத்தில் கமலாபுரத்தில் இருக்கிறது. 1,800 மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒற்றை ஓடுபாதை. 1993-இல் திறந்தார்கள், சேவை வந்தது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. 2018-இல் சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தில் சென்னைக்கு ஒரு விமானம் விட்டார்கள், அதுவும் 2021-இல் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் திரும்பவும் உயிர் வந்தது. இங்கே ராத்திரி எட்டு மணிக்கு மேல் புறப்பாடு கிடையாது. அதாவது உங்கள் விதியில் இருக்கும் அந்த 6 மணி நேரச் சலுகை இங்கிருந்து கிளம்புகிறவனுக்கு ஒருநாளும் வராது. 24 மணி நேரம் என்ற கணக்கு மட்டும்தான் மிச்சம். அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை போன மே மாதம் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தோம்.

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக மாலை ஐந்து மணி விமானத்தில் சீட்டு. விமானம் சரியான நேரத்துக்கு வந்து இறங்கியது. வந்தவர்கள் போனார்கள். நாங்கள் பாதுகாப்புச் சோதனை முடிந்து கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். விமானி ஒருவர் இறங்கி விமானத்தைச் சுற்றி வந்தார். பின்சக்கரம் ஒன்றின் முன்னால் குனிந்தார், கையால் தடவினார், இன்னொருவரைக் கூப்பிட்டார். டயரில் வெட்டு விழுந்து உள்ளே இருக்கும் நூல் தெரிகிறது என்று அப்புறம் கேள்விப்பட்டோம். அப்படித் தெரிந்தால் சக்கரத்தை மாற்றாமல் விமானத்தை எடுக்கக்கூடாது. எடுக்காமல் விட்டதற்கு விமானிக்குக் கும்பிடு. அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் சக்கரத்தை மாற்ற சேலத்தில் ஆள் இல்லை, சக்கரமும் இல்லை. மாற்றுச் சக்கரம், ஜாக்கி, கையெழுத்துப் போடும் உரிமை உள்ள இன்ஜினியர் என்று எல்லாம் பெங்களூரிலிருந்து வேனில் வரவேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்கி வரவேண்டும். சாலையில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலே நாலு மணி நேரம். இது விமான நிறுவனத்துக்கு ஐந்தரை மணிக்கே தெரியும். எங்களுக்குச் சொன்னது வேறு: "ஒரு மணி நேரம் தாமதம்." அது முடிந்ததும் இன்னொரு ஒரு மணி நேரம். அப்புறம் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியை எந்தக் கணக்கில் சொன்னார்களோ தெரியவில்லை.

இப்படித் துண்டு துண்டாகச் சொல்வதில் ஒரு காரியம் நடக்கிறது. தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ பயணி கேட்கலாம் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது. ஒரு மணி, ஒரு மணியாகச் சொன்னால் ஆறு என்ற எண்ணே யார் வாயிலும் வராது. ஐந்தரைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்கோ ஜங்ஷனுக்கோ போயிருப்பார்கள். ஈரோட்டிலிருந்து சேலம் வழியாக ராத்திரியில் சென்னை போகிற ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, விடிய விடிய பஸ் இருக்கிறது. சொன்னபோது மணி எட்டே முக்கால். "இன்று விமானம் இல்லை. நாளைக் காலை ஒன்பதே காலுக்கு."

ஏன் ஒன்பதே கால் என்று கேட்டோம். வேன் தொப்பூரில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்து பாதை அடைபட்டிருக்கிறது என்றார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை, தொப்பூர் என்றாலே அப்படித்தான். சக்கரம் வந்து மாட்டி முடிக்கும்போது நடுச்சாமம் ஆகிவிடும். அதற்குள் விமானிகளின் பணி நேரம் முடிந்துவிடும், விமான நிலையம் இயங்கும் நேரமும் முடிந்துவிடும். விமானிகளுக்கு விதிப்படி ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். அவர்களை ஒரு கார் வந்து சேலத்தில் இருக்கும் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனது. அதுவும் சரிதான், தூங்காத விமானி ஓட்டும் விமானத்தில் யார் ஏறுவது?

எங்கள் கணக்கு இது. மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 9.15 வரை, பதினாறேகால் மணி நேரம். 24-க்குக் குறைவு. எங்கள் விமானம் கிளம்பவேண்டிய நேரமோ 8 மணிக்கு முந்தியது. ஆகவே அறை கிடையாது. இதே விமானத்துக்கு எட்டு மணி என்று நேரம் குறித்திருந்தால், காலையில் இதே ஒன்பதே காலுக்குக் கிளம்பினாலும் எங்கள் எல்லாருக்கும் கட்டில் கிடைத்திருக்கும். மாலை ஐந்து மணிக்காரன் 24 மணி நேரத்தைத் தாண்டவேண்டுமானால் மறுநாள் மாலை ஐந்து வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் ஒரு ராத்திரி முழுசாகக் கழிந்துபோயிருக்கும்.

உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். காரில் சென்னைக்குப் போய்விடலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்து வண்டி பிடித்தார்கள். மிச்சம் இருபது பேருக்குள் இருப்போம். எனக்கு ஏற்காடு ஏறவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு, மழை மேகம், வாடகை வண்டிக்காரர் கேட்ட பணம் என்று எல்லாவற்றையும் யோசித்து உட்கார்ந்துவிட்டேன். சக்கர நாற்காலியில் வந்த தர்மபுரிப் பக்கத்து ஆயாவும் அவர் பேரனும் இருந்தார்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவர், மடியில் பையை அணைத்தபடி. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு பெரியவர். மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் பெண். அப்புறம் எங்கள் மலைக்காரர் ஒருவர், சேர்வராயன் மலைக் கிராமத்து அம்மா, முதல்முறை விமானம் ஏற வந்தவர். சென்னையில் வேலை பார்க்கும் மகன் சீட்டு எடுத்து அனுப்பியிருந்தான்.

எங்களைச் சோதனைக்கு உள்ளே இருந்த கூடத்திலிருந்து வெளிக்கூடத்துக்கு அனுப்பி, சரக்கில் போட்ட பெட்டிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். இது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. தின்பண்டம் எல்லாம் பெரிய பெட்டிகளில்தானே இருக்கும். கைப்பையில் ஊறுகாய் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று எல்லாரும் பெட்டிக்குள் கட்டி வைத்திருந்தார்கள்.

பத்து மணிக்கு நிறுவனத்தின் சாப்பாடு வந்தது. ஆளுக்கு ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம், ஒரு பாட்டில் தண்ணீர். அதுவும் கவுன்டரில் இருந்த தாரமங்கலத்துப் பெண் தானே ஓமலூருக்கு ஓடி வாங்கி வந்தது. உங்கள் விதி "காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப" உணவு என்கிறது. பதினாறு மணி நேரத்துக்கு ஏற்ற உணவு எவ்வளவு என்று அதில் இல்லை, ஆகவே ஒரு பொட்டலமும் விதிப்படி சரிதான். பொட்டலம் பட்டியலில் உள்ள பயணிகளுக்கு மட்டும். அந்தப் பெண்ணுக்கும் வாசலில் நின்ற காவலருக்கும் இல்லை. ஆயாதான் முதலில் கவனித்தார். "ஏங்கண்ணு, நீ சாப்புட்டியா?" என்று கேட்டார். அவள் "ஆச்சுங்க ஆயா" என்றாள். "ஆச்சுன்னா மூஞ்சி இப்படியா இருக்கும்?" என்று தன் பொட்டலத்தைப் பிரித்து இரண்டாகப் பகிர்ந்தார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். மல்கோவா. சம்பந்தி வீட்டுக்கு என்று பொறுக்கி அடுக்கியது, வைக்கோல் வாசத்தோடு பழ வாசமும் கூடம் பூராவும் பரவியது. ஆனால் மல்கோவாவை உறிஞ்சிச் சாப்பிட முடியாது, கெட்டிச் சதை, நறுக்கவேண்டும். விமான நிலையத்தில் கத்திக்கு எங்கே போக? எல்லாரும் முழித்துக்கொண்டிருக்கும்போது மலைக்கார அம்மா தன் பையிலிருந்து பழைய சேலையில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். அரிவாள்மனை. "மவன் ஊட்ல இல்லீங்க. கடையில வாங்குனது காய் நறுக்குமா?" என்றார். காவலர் இரண்டே எட்டில் வந்துவிட்டார். சரக்குப் பெட்டியில் போட அனுமதி உண்டு, கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். அந்த அம்மா காவலரையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அரிவாள்மனையைக் காவலர் தன் மேசைக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னார். அந்த அம்மா அங்கேயே குந்தி உட்கார்ந்து நறுக்கினார், அவர் பக்கத்திலேயே நின்றார். முதல் கீற்று அவருக்குத்தான். நறுக்கி முடித்ததும் துடைத்து, சுற்றி, பையில் வைத்துப் பூட்டிச் சாவியைக் காவலரே வாங்கிக்கொண்டார். காலையில் அந்தப் பை சரக்குக்குப் போகும்வரை சாவி அவரிடம்தான் இருந்தது.

பூட்டுவதற்கு முன்னால் இன்னொரு வேலையும் நடந்தது. ஆயாவின் பேரன் தட்டுவடை வாங்கி வந்திருந்தான். சேலத்துக்காரன் தட்டுவடையைச் சும்மா தின்பானா? செட் போடவேண்டும் என்றார் வெள்ளிக்காரர். பீட்ரூட் கேரட் துருவலுக்கு எங்கே போவது? வெங்காயம் தாரமங்கலத்துப் பெண் கொண்டுவந்தாள், பெட்டியில் காயாகக் கிடந்த ஒரு மாங்காயைப் பொடியாகச் சீவினார்கள், சட்னிக்குப் பதில் நர்ஸ் பெண்ணின் அம்மா கட்டிக் கொடுத்த பூண்டு ஊறுகாய். இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைத்து அமுக்கிக் கொடுத்தார்கள். இதைச் செட் என்று சொல்லலாமா கூடாதா என்று வெள்ளிக்காரரும் பேரனும் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினார்கள். எனக்கு நன்றாகவே இருந்தது.

தூக்கம் வரவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், படுக்க முடியாது. இதை யார் கண்டுபிடித்தாரோ அவரை ஒரு ராத்திரி அதில் உட்கார வைக்கவேண்டும். ஆயாவுக்குத் தரையில் போர்வை விரித்துப் படுக்க வைத்தோம், கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதவரை மூன்று பேர் பிடித்து இறக்கினோம். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பேசினோம்.

வெள்ளிக்காரர் கொலுசு எப்படி உருவாகிறது என்று சொன்னார். உருக்குவது ஒரு பட்டறை, கம்பி இழுப்பது ஒரு வீடு, வளையம் கோப்பது இன்னொரு வீடு, பற்றவைப்பது வேறொரு தெரு, மெருகு கடைசியில். "கோக்குற பொம்பளைங்க பல பேரு தாங்க கோத்தது முடிஞ்ச கொலுசா எப்படி இருக்கும்னு பாத்ததே இல்லீங்க" என்றார். அப்புறம் பையைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்து கூடத்தில் இருந்த பெண்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ராத்திரி ஒரு மணிக்கு, முன்பின் தெரியாதவர்களிடம். பையை அத்தனை நேரம் மடியைவிட்டு இறக்காதவர் அவர்.

மலைக்கார அம்மா சொன்னது எங்கள் மலையில் வழிவழியாகச் சொல்கிற கதை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலை ஏறினான், நடுவண்ணன் பச்சைமலை, சின்னண்ணன் கொல்லிமலை. அவர்கள் வழிதான் நாங்கள் என்றார். இதை வேறு மாதிரி சொல்கிறவர்களும் உண்டு. "மூணு பேரும் அப்புறம் பாத்துக்கிட்டாங்களா?" என்று பேரன் கேட்டான். "திருவிழாவுக்கு வருவாங்களாட்டம் இருக்கு" என்றார் அந்த அம்மா, அவனுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று. தோட்டத்தில் அத்தனை வருஷம் அந்த மக்களின் கூலியை எழுதியிருக்கிறேன். அந்தக் கதையை அவர்கள் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

நர்ஸ் பெண்ணின் கதைதான் உங்கள் மேசைக்கு வரவேண்டியது. சென்னையிலிருந்து மஸ்கட் விமானம் அன்று பின்னிரவில். சேலம் சென்னைக்கு ஒரு டிக்கெட், மஸ்கட்டுக்கு வேறொரு டிக்கெட், தனித்தனியாக எடுத்தது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு வரும். தனித்தனி என்றால் இங்கே தாமதமானதை அங்கே கேட்க ஆள் கிடையாது. அவள் அழுதுகொண்டே இருந்தாள். ஆலைக்காரர் தன் மகனுக்குப் போன் போட்டார், அவருக்குப் பயணச்சீட்டுத் தொழில் கொஞ்சம் தெரியும். விமானம் கிளம்பும் முன்பே அழைத்துத் தேதி மாற்றச் சொல்லவேண்டும், வராமலே விட்டால் டிக்கெட் மொத்தமும் போய்விடும் என்றார் அவர். ஒரு மணி நேரம் போனில் காத்திருந்து, மாற்றுக் கட்டணம் கட்டி, இரண்டு நாள் தள்ளி இடம் வாங்கினாள். கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று இங்கே எழுத அவர் விடமாட்டார். அவளுக்கு ஐந்தரைக்கே உண்மை தெரிந்திருந்தால் காரில் போய் விமானத்தைப் பிடித்திருப்பாள். சேலத்திலிருந்து சென்னை ஆறு மணி நேரத்துக்குள்தான்.

காலை ஒன்பதேகாலுக்குச் சொன்னபடி கிளம்பினோம்.

இப்போது கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். முதலாவது, அறை தரும் விதியில் புறப்படவேண்டிய நேரத்தைப் பார்க்காதீர்கள், காத்திருக்கும் நேரத்துக்குள் ராத்திரி வருகிறதா என்று பாருங்கள். "தாமதம் 6 மணி நேரத்துக்கு மேற்பட்டு, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை உள்ள நேரம் முழுவதும் அதற்குள் அடங்கினால், எந்த நேரத்து விமானமானாலும் தங்கும் வசதி" என்று ஒரு வாக்கியம் போதும். வானிலை போன்ற கைமீறிய காரணங்களுக்கு விதியில் ஏற்கெனவே விலக்கு உண்டு, அதைத் தொடச் சொல்லவில்லை. டயர் வெட்டு வானிலை இல்லை.

இரண்டாவது, உதிரிப்பாகமோ இன்ஜினியரோ வெளியூரிலிருந்து சாலை வழியாக வரவேண்டும் என்று தெரிந்த உடனே, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பயணிக்குச் சொல்லக் கட்டாயப்படுத்துங்கள். பெங்களூர் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும், தொப்பூர் வழியை நாங்களே கணக்குப் போட்டிருப்போம்.

செலவு கூடினால் சின்ன ஊர் விமானத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நின்று நின்று வந்த சேவையைப் பார்த்த எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அன்றைக்கு மிச்சம் இருந்தது இருபது பேருக்குள். ஓமலூரிலும் ஐந்து ரோடு பக்கமும் இருக்கிற லாட்ஜில் இரண்டிரண்டு பேராகத் தங்கவைத்தால் பத்து அறை. ஐந்தரைக்கே சொல்லியிருந்தால் அதிலும் பாதிதான் வேண்டியிருக்கும். மிச்சப் பேர் ரயிலிலும் பஸ்ஸிலும் போயிருப்பார்கள். உண்மையைச் சீக்கிரம் சொல்கிற நிறுவனத்துக்கு இந்த விதியால் செலவு குறையவே செய்யும்.

கொல்கத்தாவிலும் சென்னையிலும் பத்து ரூபாய்க்குத் தேநீர் தரும் உடான் யாத்ரி கஃபே திறந்திருக்கிறீர்கள், நல்ல காரியம். உடான் திட்டத்தால் உயிர் பெற்ற ஊர்களுக்கும் அதில் ஒன்றைக் கொண்டுவந்தால், விமானம் தாமதமானால் கடைசிப் பயணி போகும்வரை மூடக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள். கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கும் காவலருக்கும் அங்கேயே சாப்பாடு என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்றிரவு கமலாபுரத்தில் இருந்தவர்களில் ஒருவன்,
ஏற்காடு